ஒரே செயின், இரண்டு மெஷின், இரண்டு அளவு

"அம்மாவுக்காகப் பார்த்த 20 கிராம் செயின். ஒரு கடை மெஷினில் தங்கம் 91.4 சதவீதம், இன்னொன்றில் 89.7. உரைகல்லில் 22 காரட் என்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?"

இரண்டு மெஷினும் சரியாகவே காட்டியிருக்கலாம். அவை பார்த்த இடம் வேறு. கடையில் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் சின்னப் புள்ளி ஒன்றைத்தான் அளக்கும், அதுவும் மேல்தோலை மட்டும். 89.7 வந்த இடம் பற்றவைத்த மூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கண்ணி நடுவில், மூட்டில், கொக்கியில் என்று தனித்தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் காட்மியத்தைக் குறிக்கும் Cd அல்லது துத்தநாகத்தைக் குறிக்கும் Zn மூட்டில் மட்டும் ஏறினால் காரணம் மூட்டை ஒட்டவைத்த பற்றாசுதான். எல்லா இடத்திலும் 89.7 வந்தால் தங்கமே மட்டம், அல்லது ஒரு மெஷின் சரியாக அளவுதிருத்தம் செய்யப்படவில்லை.

உரைகல்லை இந்தச் சண்டைக்கு இழுக்காதீர்கள். கல்லில் உரைத்த கோட்டில் விடும் அமிலம் 18 காரட்டுக்கும் 22க்கும் வித்தியாசம் சொல்லும், 1.7 சதவீதத்தைக் கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் உங்கள் செயினில் அது 0.34 கிராம் தங்கம்!

தீர்ப்பு வேண்டுமானால் ஃபயர் அஸே. கால் கிராம் அளவுக்கு வெட்டி, ஈயமும் வெள்ளியும் சேர்த்து உலையில் வைப்பார்கள். செம்பு போன்றவை ஈயத்தோடு போய்விடும். மிஞ்சிய மணியைத் தகடாக்கி, நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்து, மீதித் தங்கத்தை எடை போடுவார்கள். ஒழுங்காகச் செய்தால் பிழை ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டாது.

ஆனால் வெட்டிய துண்டுக்குத்தான் அந்த முடிவு. முழுச் செயினுக்கும் வேண்டுமென்றால் உருக்கிக் கலக்கிய பிறகு மாதிரி எடுக்க வேண்டும். அணியப்போகும் செயின் என்றால் அதற்குப் போகாமல், மூட்டுகளையும் கணக்கில் வைத்து விலையைக் குறைத்துப் பேசுங்கள்.