முதலீட்டாளருக்கான ஒரு பக்கக் குறிப்பு: எது முதலில்?

கேள்வி: எங்கள் ஒரு பக்கக் குறிப்பில் எல்லாமே இருக்கிறது. ஆனாலும் படித்தவர்கள் "நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். எப்படி மாற்றி எழுதுவது?

பெரும்பாலும் தொழில்நுட்பம் முதல் பத்தியில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைக் கீழே இறக்குங்கள். பல் மருத்துவமனைகளுக்கான நினைவூட்டல் செயலி என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி: "பல் மருத்துவமனையில் முன்பதிவு செய்த பத்துப் பேரில் இரண்டு பேர் வருவதில்லை, மருத்துவரின் அந்த நேரம் வீண்." யாருக்கு, என்ன நஷ்டம் என்பது வந்துவிட்டது.

அடுத்து சந்தை. "உலகச் சந்தையில் ஒரு சதவீதம் பிடித்தாலே போதும்" என்ற வரியை அடித்துவிடுங்கள். அதை நிறையப் பேர் எழுதிப் பார்த்தாகிவிட்டது. முதல் வரியில் சொன்ன அதே மருத்துவமனைகள் எத்தனை, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு எவ்வளவு கட்டும்? இரண்டையும் பெருக்குங்கள். தொகை சிறிதாகத் தெரிந்தால் பரவாயில்லை.

அப்புறம் முடிவுகள். பதிவிறக்கக் கணக்கு வேண்டாம். "40 மருத்துவமனைகள் இலவசமாகப் பயன்படுத்தின, 14 பணம் கட்டின, மூன்று மாதம் கழித்தும் 12 தொடர்கின்றன. அங்கே வராதவர்கள் பத்துக்கு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தார்கள்." கடைசி எண் முதல் வரிக்கே பதில் சொல்கிறது, பாருங்கள். உங்கள் எண் அப்படிச் சொல்லவில்லை என்றால், எழுதிய பிரச்சினையோ அளந்த எண்ணோ மாற வேண்டும்.