நாற்பது கிலோ மூட்டையும் அறுபது கிலோ மூட்டையும்: பி.காம். படித்துவிட்டு மென்பொருள் வேலை கேட்பவர்களுக்கு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். பி.காம். முடித்து இரண்டு வருடம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதினேன். அப்புறம் நான்கு மாத பூட்கேம்ப், அதற்குப் பிறகு மென்பொருள் வேலை. இப்போது எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணல் நடத்துவதும் நான்தான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

திருவாரூரிலிருந்து, பி.காம்.: "அக்கா, பூட்கேம்ப்ல செஞ்ச ஷாப்பிங் கார்ட், வெதர் ஆப் ரெண்டும் ரெஸ்யூமேல இருக்கு. மாமாவோட நெல் வியாபாரத்துக்கு ஒரு சின்ன கணக்கு ஆப் எழுதினேன். அது ரொம்ப சாதாரணம்னு போடல. சரிதானே?"

சரியில்லை தம்பி. முதலில் அந்த நெல் கணக்கைப் போடுங்கள். ஒரே பூட்கேம்பிலிருந்து வரும் எல்லோரும் அதே ஷாப்பிங் கார்ட்டைத்தான் கொண்டு வருகிறார்கள். "இந்த டேபிளை ஏன் இப்படிப் பிரித்தீர்கள்?" என்று கேட்டால், வகுப்பில் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் எழுதியது அப்பாவின் நெல் விற்பனைக் கணக்கு. யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை மூட்டை, அவ்வளவுதான். அந்த சம்பாவில் அரசு கொள்முதல் நிலையத்துக்கு 150 மூட்டை போனது, வியாபாரிக்கு 100 மூட்டை. திரையில் 250 மூட்டை, 10,000 கிலோ என்று வந்தது. அப்பா பார்த்துவிட்டு, "பதினெட்டு மா நிலம். மாவுக்குப் பதினோரு மூட்டை கண்டிருக்கு. பத்து டன்னுன்னா பத்து மூட்டைகூட தேறாதே?" என்றார்.

அப்பா மூட்டை என்றால் அறுபது கிலோ. வியாபாரி எடுப்பதும் அறுபதில்தான். கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. நான் இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்து, நாற்பதால் பெருக்கியிருந்தேன். உண்மையில் வந்தது 6,000 கிலோவும் 6,000 கிலோவும், ஆக 12,000. நிரல் எந்தப் பிழையும் காட்டவில்லை, நான் எழுதிய டெஸ்ட் எல்லாம் பாஸ். தவறு நிரலில் இல்லை, 'மூட்டை' என்ற சொல்லை ஒரு அளவு என்று நான் நம்பியதில் இருந்தது. கிலோவை மட்டும் சேமித்து, மூட்டையைத் திரையில் காட்டும்போது வகுத்துக் காட்டுவது என்று மாற்றினேன். கொள்முதல் நிலையத்தை DPC என்று குறித்திருந்தேன். பழைய வரிகளுக்கு இப்படி:

```sql
ALTER TABLE sales ADD COLUMN kg INTEGER;
UPDATE sales SET kg = bags * 40 WHERE buyer = 'DPC';
UPDATE sales SET kg = bags * 60 WHERE buyer <> 'DPC';
```

இதிலும் ஒன்று மாட்டியது. வாங்கியவர் பெயர் எழுதாமல் விட்ட வரிகளுக்கு `kg` காலியாகவே நின்றது. `buyer` `NULL` ஆக இருந்தால் `=` போட்டாலும் `<>` போட்டாலும் அந்த வரி பிடிபடாது. அன்று அது நல்லதாகவே போயிற்று. பிடிபட்டிருந்தால் எல்லாவற்றையும் அறுபது என்று எழுதித் தொலைத்திருப்பேன்.

நேர்காணலில் இதை நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள்: யாருக்காக எழுதினீர்கள், எது தப்பாக வந்தது, யார் எப்படிக் கண்டுபிடித்தார், என்ன மாற்றினீர்கள். இரண்டு நிமிடம் போதும். பி.காம். படித்தவர் ஏன் இங்கே வந்தார் என்று தனியாக விளக்க வேண்டியே இருக்காது. ஆனால் நிரல் கையில் திறந்திருக்கட்டும். "சரி, நாளைக்கு ஐம்பது கிலோ மூட்டை வந்தால்?" என்று கேட்டு அங்கேயே மாற்றச் சொல்வார்கள். நான் அப்படித்தான் கேட்பேன். பார்த்து எழுதியவர் யார், யோசித்து எழுதியவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும்.

மன்னார்குடி: "டிகிரியை கடைசி வரில போட்டுட்டு, கிட்ஹப்ல தினமும் பச்சைக் கட்டம் வர்ற மாதிரி பார்த்துக்கிட்டா போதும்னு சீனியர் சொன்னாங்க."

பாதி சரி. கிட்ஹப் இணைப்பு வேண்டும், நான் திறந்தும் பார்ப்பேன். ஆனால் பச்சைக் கட்டத்தை எண்ணுவதில்லை, கமிட் செய்தியைத்தான் படிக்கிறேன். நூறு நாளும் "update" என்று மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது. "கொள்முதல் மூட்டை 40 கிலோ, வியாபாரி மூட்டை 60, கிலோவுக்கு மாற்றினேன்" என்று ஒரே ஒரு கமிட் இருந்தால் அங்கே நின்று படிப்பேன்.

டிகிரியைப் புதைக்க வேண்டாம். கணக்கு எழுதிய இரண்டு வருடத்தை வேலை அனுபவத்திலும், பூட்கேம்பை மாதம் குறிப்பிட்டுப் படிப்பிலும் போடுங்கள். அந்த நான்கு மாதத்தை 'டெவலப்பர்' வேலை என்று எழுதினால் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

பாபநாசம்: "பொண்ணு பி.காம். முடிச்சு டேலி நல்லா போடுவா. அதுவும் சாஃப்ட்வேர்தானே மேடம், நேரா அப்ளை பண்ணலாமா?"

டேலியில் கணக்குப் போடுவது கணக்கர் வேலை சார். நான் பேசுவது மென்பொருளை எழுதும் வேலை. ஆனால் பில்லிங், ஜி.எஸ்.டி. மென்பொருள் செய்யும் இடங்களில் சோதனை செய்ய ஆள் எடுப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்து பழகியவர் அங்கே பிழையைச் சீக்கிரம் பிடிப்பார். அவருக்கு விருப்பமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

மயிலாடுதுறை, பி.ஏ. தமிழ்: "என்கிட்ட நெல் கணக்கும் இல்ல, வேலை அனுபவமும் இல்ல. தமிழ் இலக்கியத்தை வெச்சு என்ன சொல்றது?"

உங்களிடம் எழுத்து இருக்கிறது. தமிழ்ச் சொல்லைத் தேடும் சின்னத் தேடல் பக்கம் ஒன்று எழுதிப் பாருங்கள். "கொள்முதல்" என்று தேடினால் சில பதிவுகள் வரும், சில வராது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். 'கொ' என்பதைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக.

```python
import unicodedata
a = "\u0b95\u0bca"
b = "\u0b95\u0bc6\u0bbe"
print(a == b)                                  # False
print(unicodedata.normalize("NFC", b) == a)    # True
```

சேமிக்கும்போதும் தேடும்போதும் `NFC` வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பதிவுகள் கிடைக்கும். ஒகரமும் ஓகாரமும் எப்படி எழுதப்படுகின்றன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் இதை நீங்கள் விளக்கும்போது கேட்கிறவர் நம்புவார்.

தஞ்சாவூர்: "சென்னைல ஒரு கன்சல்டன்சி, பணம் கட்டினா ரெண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் தர்றாங்களாம்."

வேண்டவே வேண்டாம். சரிபார்ப்பில் யு.ஏ.என். எண் கேட்டு, எந்த நிறுவனம் எந்த மாதம் பி.எஃப். கட்டியது என்று பார்ப்பவர்கள் பலர். சேர்ந்த பிறகு பிடிபட்டாலும் வேலை போகும்.

நாகப்பட்டினம், பி.ஏ. பொருளாதாரம்: "பி.இ., எம்.சி.ஏ. மட்டும்னு படிவத்துலயே இருக்கே? நான் பேசவே வாய்ப்பு வராதே. என் நண்பன் சப்போர்ட் வேலைல சேர்ந்து, உள்ளுக்குள்ளயே மாறிட்டான்."

அந்த வடிகட்டலுக்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்கும் பல படிவங்கள் அங்கேயே நின்றன. வேலை கிடைத்தது இருபது பேர் இருந்த இடத்தில், நேராக மின்னஞ்சல் எழுதித்தான். நண்பர் போன வழியும் உண்டு. சப்போர்ட்டிலேயே வருடக்கணக்கில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். சேரும் முன் உள்மாற்றம் எத்தனை மாதம் கழித்துக் கேட்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவாரூர் தம்பி மறுபடியும்: "அந்தப் பெயரில்லாத வரிகளை என்ன பண்ணீங்க அக்கா?"

பதினொன்று இருந்தன. அப்பாவின் நீள நோட்டைப் புரட்டியதில் ஏழுக்கு ஆள் கிடைத்தார். மீதி நாலுக்கு அப்பாவுக்கும் நினைவில்லை. காலியாகவே விட்டு, திரையில் "எடை தெரியவில்லை" என்று காட்டினேன். எனக்கு வேலை கிடைத்த நேர்காணலில் அந்த நாலு வரியைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.