வெயிலில் வெளுத்த தேக்குக் கதவு: எந்த டப்பாவை வாங்குவது?

கேள்வி: எங்கள் வாசல் கதவு முழுத் தேக்கு, மேற்குப் பார்த்தது. மேல் பாதி மங்கியிருந்தாலும் பரவாயில்லை. கீழ்ப் பாதியில் வார்னிஷ் உரிந்து மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. போன ஆண்டு அதன் மேலேயே ஒரு கோட் வார்னிஷ் அடித்தோம். சில மாதங்களில் செதில் செதிலாக உதிர்ந்தது. கடைக்காரர் தேக்கு எண்ணெய் போதும் என்கிறார், பெயின்டர் விலை கூடிய பாலியூரித்தேன் வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் உப்புத்தாள் வாங்குங்கள். போன ஆண்டு உதிர்ந்ததற்கு வார்னிஷைக் குறை சொல்ல முடியாது. மர நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைத்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில் தெரிவது பிடிப்பை இழந்த அந்த நார்கள்தான். எவ்வளவு உயர்ந்த வார்னிஷாக இருந்தாலும் அந்தத் தளர்ந்த நாரைத்தான் பற்றிக்கொள்ளும். நார் மரத்தை விட்டு வரும்போது வார்னிஷும் சேர்ந்து வந்துவிடும்.

ஆகவே எந்த இடம் பிழைத்திருக்கிறது, எந்த இடம் போய்விட்டது என்று பிரித்துப் பாருங்கள். நன்றாக ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்பில் செதில் வந்தால் அங்கே மரம் தெரியும்வரை எடுத்தே ஆக வேண்டும். டேப் சுத்தமாக வந்தால், 220 எண் தாளால் பளபளப்பு போகும் அளவுக்கு லேசாகத் தேய்த்தாலே புதுக் கோட் பிடிக்கும். உங்கள் மேல் பாதி அநேகமாக இந்த வகை. எடுப்பதையும் விடுவதையும் பலகையின் நடுவே நிறுத்தாதீர்கள். குறுக்குச் சட்டம் சேரும் கோட்டில் நிறுத்தினால் நிற வேறுபாடு கண்ணில் படாது.

கீழ்ப் பாதியில் உதிரும் வார்னிஷைத் தகட்டால் சுரண்டிவிட்டு, 80 எண் தாளில் தொடங்கி, 120, பிறகு 150 என்று மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷ் அடித்ததும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். சாம்பல் போய்த் தேக்கின் தேன் நிறம் சீராகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். (தேக்குத் தோல் ஒட்டிய பிளைவுட் கதவு வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது, அந்தத் தோல் மிக மெல்லியது, தேய்த்தால் ஓட்டை விழும்.)

ஆணி, கைப்பிடியைச் சுற்றிக் கறுப்புக் கறை இருந்தால் அது இரும்புத் துருவும் மரத்தின் டானினும் சேர்ந்து உண்டானது. தேய்த்தால் எளிதில் போகாது. ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசினால் வெளுக்கும். இது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிறகு பலமுறை நீர் விட்டுக் கழுவி, முழுவதும் காய்ந்த பின்பே மறுபடி உப்புத்தாளைத் தொடுங்கள்.

இனி டப்பா. தேக்கு எண்ணெய் என்று விற்பது தேக்கிலிருந்து எடுத்ததல்ல. பெரும்பாலும் ஆளி விதை போன்ற எண்ணெயும் தின்னரும், சிலவற்றில் கொஞ்சம் வார்னிஷும் கலந்தது. நேர் வெயிலில் சில மாதங்களுக்கு ஒருமுறை தடவிக்கொண்டே இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் வார்னிஷின் மேல் தடவினால் உள்ளே இறங்காமல் பிசுபிசுப்பாக நிற்கும். உங்கள் கதவுக்கு வேண்டாம். பாலியூரித்தேன் சரிதான், ஆனால் அந்தப் பெயர் மட்டும் போதாது. வீட்டுக்குள் பூசும் வகை கடினமானது. வெயிலிலும் மழையிலும் மரம் விரிந்து சுருங்கும்போது வெடித்துவிடும். டப்பாவில் ‘வெளிப்புறத்துக்கு’ என்றும், புற ஊதாத் தடுப்பு உள்ளது என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேசான பழுப்பு நிறமி கலந்தது கிடைத்தால் அதையே எடுங்கள். முழுத் தெளிவானதைவிட அது கதிரை அதிகம் மறிக்கும்.

அளவு: லிட்டருக்கு ஒரு கோட்டில் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரவும். ஒற்றைக் கதவின் வெளிப்பக்கம் சுமார் 2 சதுர மீட்டர். 4 கோட் அடித்தாலும் ஒரு லிட்டருக்குள் முடியும். பெரிய டப்பா வாங்காதீர்கள், திறந்து வைத்தால் ஆடை கட்டும்.

தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. அது வார்னிஷைக் காயவிடாது. பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, ஆவியானதும் முதல் கோட்டை டப்பாவில் சொன்னபடி நீர்க்கச் செய்து அடியுங்கள். கோட்டுகளுக்கு இடையே 240 எண் தாளால் லேசாகத் தேயுங்கள். கதவின் மீது நேர் வெயில் விழும் நேரத்தில் பூசினால் கொப்புளம் வரும். மேற்குக் கதவுக்குக் காலைதான் நேரம்.

பெயின்டர் பெரும்பாலும் விட்டுவிடுவது கதவின் அடி விளிம்பு. நீர் அங்கிருந்துதான் மேலே ஏறி வார்னிஷை உள்ளிருந்து தள்ளுகிறது. கீலைக் கழற்றிக் கதவை இறக்கி அங்கேயும் 2 கோட் அடிக்கச் சொல்லி, கூலி பேசும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு முதல், பளபளப்பு குறைந்ததும் விரிசல் விழும் முன்பே லேசாகத் தேய்த்து ஒரு கோட் அடித்துவந்தால் மறுபடி முழுவதும் சுரண்ட வேண்டியிருக்காது.