பச்சைப் பால், பனீர், சீஸ்: கர்ப்பிணிகளின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பால், சீஸ் வழியாக உள்ளே போய் வயிற்றுக் குழந்தையைத் தாக்கும் லிஸ்டீரியா கிருமி பற்றித்தான். பயம் நியாயமானதே. ஆனால் எத்தனையாவது மாதம் என்று எழுதாமல் "சாப்பிடலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? அடுத்த முறை வாரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பெரம்பூர் வாசகி: பாக்கெட் பனீர் சாப்பிடலாமா? அதுவும் சாஃப்ட் சீஸ்தானே?

சாப்பிடலாம். பாலைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கித்தான் திரிய வைக்கிறார்கள், அந்தச் சூட்டில் லிஸ்டீரியா பிழைக்காது. பனீரில் ஆபத்து வருவது அதற்கு அப்புறம்தான். கடையில் திறந்த டப்பாவில், தண்ணீரில் மிதக்கும் பனீரை எத்தனை கைகள் தொட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சீல் வைத்த பாக்கெட்டாக வாங்கி, கிரேவியில் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள். சாலட்டில் பச்சையாக உதிர்த்துப் போட வேண்டாம். திறந்த பாக்கெட்டை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் இருந்தால் பத்திரம் என்ற எண்ணம் இந்தக் கிருமியிடம் செல்லாது. மற்றவை குளிரில் அடங்கிக் கிடக்கும்போது இது மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும்.

தாம்பரம்: தயிர், மோர்?

காய்ச்சிய பாலில் வீட்டில் உறை ஊற்றிய தயிர் தாராளமாக. நன்றாகப் புளித்த தயிரில் லிஸ்டீரியா வளராது. தள்ளுவண்டி மோர் மட்டும் வேண்டாம். அங்கே பிரச்சினை பால் அல்ல, ஐஸும் தண்ணீரும். கர்ப்பிணிக்கு வரும் ஹெபடைடிஸ் ஈ மஞ்சள் காமாலை சாதாரண விஷயம் இல்லை.

வேளச்சேரி வாசகி, 4-வது மாதம்: ஆப் மூலம் கண்ணாடி பாட்டிலில் ஏ2 நாட்டுப் பசும்பால் வாங்குகிறோம். "பண்ணையிலிருந்து நேராக, பதப்படுத்தாதது. கொதிக்க வைத்தால் சத்து போகும், லேசாகச் சூடு காட்டினால் போதும்" என்கிறார்கள். சரியா?

சரியில்லை. இந்த விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ஏ2 என்பது பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகை. பாலில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாட்டு மாட்டின் மடியிலும் சாணம் ஒட்டும், கறப்பவர் கையிலும் அழுக்கு இருக்கும். கண்ணாடி பாட்டில் அழகு, அவ்வளவுதான்.

சத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கொதிக்க வைத்தால் சில பி வைட்டமின்களில் கொஞ்சம் குறையும், பத்து இருபது சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பால் குடிப்பது கால்சியத்துக்கும் புரதத்துக்கும். அவை இரண்டும் எங்கேயும் போகாது.

பச்சைப் பாலில் லிஸ்டீரியா மட்டும் இல்லை, புரூசெல்லாவும் மாட்டுக் காசநோய்க் கிருமியும் வரலாம். "எங்கள் பாட்டி பீச்சிய பாலை அப்படியே குடித்தாள்" என்று எழுதுகிறவர்களுக்கு 1985-ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததைச் சொல்கிறேன். மெக்சிகோ பாணி மென்மையான சீஸ் ஒன்றில், பாஸ்சரைஸ் செய்த பாலோடு பச்சைப் பாலும் கலந்துவிட்டது. சுமார் 140 பேருக்கு லிஸ்டீரியா நோய் உறுதியானது. அதில் மூன்றில் இரண்டு பங்கு கர்ப்பிணிகளும் பச்சிளம் குழந்தைகளும். வயிற்றிலேயே இறந்த சிசுக்களையும் சேர்த்தால் ஐம்பது உயிர் வரை போனது. ஆரோக்கியமான ஆளுக்கு அதே கிருமி பெரும்பாலும் ஒரு நாள் வயிற்றுக் கோளாறோடு முடிந்துவிடும். பாட்டி அந்தக் கணக்கில் தப்பியிருப்பாள்.

அந்தப் பாலையே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பொங்கி வந்த பிறகு தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அது ஒரு பக்கம் கொதிக்கும், இன்னொரு பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். காய்ச்சிய பாலைப் பச்சைப் பால் இருந்த பாட்டிலிலேயே திருப்பி ஊற்றாதீர்கள். மில்க்‌ஷேக்கும் காய்ச்சி ஆறிய பாலில்தான். ஆவின் மாதிரி பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்சரைஸ் செய்தது, அதையும் நம் வீடுகளில் காய்ச்சுகிறோம், நல்லது.

மடிப்பாக்கம்: பீட்சா, சீஸ் ஸ்லைஸ், சீஸ் ஸ்ப்ரெட்?

மூன்றும் சரி. பீட்சா சூடாக வர வேண்டும்.

அண்ணா நகர் வாசகி, 24 வாரம்: கணவர் பாரிஸிலிருந்து கமம்பேர் சீஸ் வாங்கி வந்தார். பத்து நாள் முன்பு இரண்டு துண்டு சாப்பிட்டேன். இப்போதுதான் விஷயம் தெரிந்தது. காய்ச்சல் ஒன்றும் இல்லை. டெஸ்ட் எடுக்கணுமா?

வாரம், நாள், அளவு, அறிகுறி எல்லாம் எழுதிய ஒரே கடிதம் இது. நன்றி அம்மா.

டெஸ்ட் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். கமம்பேர், பிரீ போன்றவற்றின் மேல் வளரும் வெள்ளைப் பூஞ்சை சீஸின் புளிப்பைக் குறைத்துவிடும். உள்ளே ஈரமும் அதிகம். லிஸ்டீரியாவுக்கு இரண்டும் தோதானவை. செடார், பார்மெசான் போல இறுகிய சீஸில் அந்த வசதி இல்லை. டப்பாவில் 'லே க்ரூ' என்று போட்டிருந்தால் அது பச்சைப் பாலில் செய்தது, மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். போடவில்லை என்றாலும் இந்த வகையை அப்படியே சாப்பிட வேண்டாம்.

ஒருமுறை சாப்பிட்டதால் நோய் வந்தே தீரும் என்று இல்லை, வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் கர்ப்பிணியிடம் இது உள்ளே புகுந்து வெளியே தெரிய சில வாரங்கள் எடுக்கும், பத்து வாரம் வரைகூட. உங்களுக்கு அது 32, 33-வது வாரம். அதுவரை 100.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடம்பு வலி, முதுகு வலி, குழந்தை அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே உங்கள் டாக்டரிடம் போய், அவர் கேட்கும் முன்னே "கமம்பேர் சாப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சென்னையில் எல்லாக் காய்ச்சலும் முதலில் டெங்கு, இல்லையென்றால் வைரல். டெங்கு பார்க்கட்டும், அதோடு ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்சரும் எடுக்கச் சொல்லுங்கள். மலப் பரிசோதனை இதில் உதவாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் செஃபிக்ஸிம் ஆன்டிபயாடிக் லிஸ்டீரியாவைத் தொடக்கூடத் தொடாது. அந்தக் குடும்பத்து மருந்து எதுவுமே இதற்கு வேலை செய்யாது. ஆம்பிசிலின் வேலை செய்யும், அதை ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் கொடுப்பார்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போரூர்: ஊரிலிருந்து மாமியார் சீம்பால் கொண்டு வருகிறார். மறுக்க முடியவில்லை.

மறுக்க வேண்டாம். அவர் கொண்டு வருவது பச்சைச் சீம்பாலா, வேகவைத்ததா என்று மட்டும் கேளுங்கள். பச்சையாக இருந்தால் வெல்லம், ஏலக்காய் போட்டு இட்லிப் பாத்திரத்தில் அவியுங்கள். நடுவில் கத்தியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். நடுவே தளதளவென்று திரவமாக இருந்தால் அங்கே சூடு போதவில்லை, இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். பயணத்தில் ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் வெளியிலேயே இருந்த பால் என்றால், வேண்டாம் என்று நான் சொன்னதாக மாமியாரிடம் சொல்லுங்கள்.

கொளத்தூர்: மெஷினில் சுற்றி விழும் சாஃப்டி ஐஸ்கிரீம்?

வேண்டாம். அந்த மெஷினை எப்போது கழுவினார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆசையாக இருந்தால் சீல் வைத்த கப் வாங்கிச் சாப்பிடுங்கள்.