கோடு வெட்டிக்கொண்டால் கடை படுத்துவிட்டதா?

கேள்வி: காரைக்குடியில் சீப்புச் சீடை, மணகோலம் எல்லாம் இணையத்தில் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். தளத்துக்கு வருபவர்கள் எண்ணிக்கையையும், வாங்கியவர்கள் திரும்ப வாங்கும் சதவீதத்தையும் ஒரே சார்ட்டில் இரண்டு கோடுகளாகக் காட்டினேன். மேலாளர், "ஒரு கோடு ஏறும்போது இன்னொன்று வெட்டிக்கொண்டு இறங்குகிறதே, கடை படுத்துவிட்டதா?" என்று பதறிவிட்டார். பேரேடு பார்த்தே பழகியவர் அவர். அவருக்கு எந்த சார்ட் போடலாம்?

பதில்: அவர் பதறியதற்கு சார்ட்தான் காரணம். இடப்பக்கம் ஆயிரக்கணக்கில் ஆட்கள், வலப்பக்கம் சதவீதம் என்று இரண்டு அளவுகோல்கள் வைத்திருப்பீர்கள். வலப்பக்கத்தை 40 வரை வைத்தால் ஓரிடத்தில் வெட்டும், 100 வரை வைத்தால் வேறிடத்தில் வெட்டும். அந்த வெட்டுக்கு அர்த்தமே கிடையாது. இரண்டையும் தனித்தனி ஸ்லைடாக்கிவிடுங்கள்.

வருபவர்கள் எண்ணிக்கைக்கு மாதத்துக்கு ஒரு தூணாக பார் சார்ட் போதும். தூண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். தீபாவளி மாதத்துக்கு மட்டும் வேறு நிறம்.

திரும்ப வாங்குவதில்தான் கவனம் வேண்டும். உதாரணமாக, ஆகஸ்டில் முதல் முறை வாங்கிய 200 பேரில் 60 பேர் அடுத்த மாதமும் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100க்கு 30. தீபாவளி மாதம் புதிதாக வந்த 1,000 பேரில் 150 பேர்தான் அப்படி வாங்கினார்கள். 100க்கு 15. இரண்டையும் கலந்தால் பதினேழரை வரும், பார்ப்பவருக்குப் பெரிய சரிவாகத் தெரியும். ஆனால் ஆகஸ்டில் வந்தவர்கள் எங்கும் போய்விடவில்லை. பண்டிகைக்கு மட்டும் பலகாரம் வாங்குகிறவர்கள் கூட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் முதலில் வாங்கிய மாதத்தை வைத்து ஆட்களைப் பிரித்து லைன் சார்ட் போடுங்கள். கீழே முதல் ஆர்டருக்குப் பிறகு எத்தனையாவது மாதம், பக்கத்தில் அந்த மாதம் வாங்கியவர்கள் 100க்கு எத்தனை பேர். ஆகஸ்டுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று இரண்டு கோடுகள் போதும். பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதுங்கள். இப்படி மாதவாரியாகப் பிரித்த ஆட்களை வண்ணக் கட்டங்களில் காட்டும் கோஹார்ட் அட்டவணை உங்கள் வேலைக்கு நல்லது, அவருக்கு வேண்டாம். ஸ்லைடின் தலைப்பில் "200 பேரில் 60 பேர், 1,000 பேரில் 150 பேர்" என்று ஆள் கணக்காகவே எழுதுங்கள். பேரேடு பார்க்கிறவருக்குச் சதவீதத்தைவிட அது சட்டென்று பிடிபடும்.

அப்புறம் ஒன்று. மாதம் 12ஆம் தேதி ஸ்லைடு தயாரித்தால் கடைசிப் புள்ளியில் 12 நாள் விற்பனைதான் இருக்கும், கோடு தலைகுப்புற விழும். அவர் கண் முதலில் அங்கேதான் போகும். எல்லாக் கோடுகளும் கடைசிப் புள்ளியில் மட்டும் ஒன்றாகச் சரிந்தால், மாதம் முடியாததுதான் காரணமா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் முழுதாக முடிந்த மாதத்தோடு கோட்டை நிறுத்திவிடுங்கள். தீபாவளிக் கோடு ஆகஸ்ட் கோட்டைவிடக் குட்டையாக நிற்கும். அதன் முனையில் "இன்னும் நாள் இருக்கிறது" என்று எழுதிவிடுங்கள்.