ஏழு திருத்தங்களும் முதல் பக்கத்து ஒரு வரியும்

கேள்வி: டெபசிஷன் சுருக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது திருத்திய டிரான்ஸ்கிரிப்ட் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டுமா, திருத்தம் வந்த வரிகளை மட்டும் மாற்றினால் போதுமா?

நீங்கள் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு டெபசிஷனை, அதாவது வழக்கு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும் முன் சாட்சிகளிடம் நடக்கும் விசாரணையின் எழுத்துப் பதிவை, படித்துச் சுருக்கும் வேலைதான் உங்களுக்கும் என்றால், நான் பதினொரு வருடம் அதைச் செய்தவள். நீங்கள் கேட்ட இரண்டு வழிகளிலும் தனித்தனியாக விழுந்து அடிபட்டிருக்கிறேன். ‘திருத்தம் வந்த வரியை மாற்றினால் முடிந்தது’ என்று இங்கே யாராவது ஒரு வரியில் பதில் எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது எது என்று பாருங்கள். திருத்திய டிரான்ஸ்கிரிப்ட் என்று நம் மேலாளர்கள் இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சொல்வார்கள். பேச்சைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்யும் கோர்ட் ரிப்போர்ட்டர் விசாரணை முடிந்த கையோடு அனுப்பும் ரஃப் பிரதியை வைத்து நீங்கள் சுருக்கம் எழுதியிருக்கலாம். இப்போது வந்திருப்பது அவர் சான்றளித்த இறுதிப் பிரதியாக இருக்கலாம். அப்படியானால் பழைய சொல் வெறும் எழுத்துப்பிழை. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டியதுதான். ஆனால் பக்கமும் வரியும் நகர்ந்திருக்கும் என்பதால், சாட்சி சொன்னது மாறாத இடத்திலும் மேற்கோள் எண் மாறும். இரண்டு கோப்புகளையும் கணினியில் ஒப்பிடும்போது, ஒவ்வொரு வரியின் முன்னாலும் இருக்கும் 1 முதல் 25 வரையிலான எண்களை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சொல் நுழைந்த இடத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாமே சிவப்பாகத் தெரியும்.

இரண்டாவது வகைதான் எர்ராட்டா தாள். அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 30(e)-இன்படி, விசாரணை முடிவதற்குள் கேட்டுக்கொண்டால், டிரான்ஸ்கிரிப்ட் தயார் என்று அறிவித்த பிறகு சாட்சிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதைப் படித்து, வடிவத்திலோ பொருளிலோ மாற்றம் இருந்தால் காரணத்தோடு பட்டியலிட்டுக் கையெழுத்துப் போடலாம். அந்தத் தாள் டிரான்ஸ்கிரிப்டின் பின்னால் இணைக்கப்படும். மூல டிரான்ஸ்கிரிப்டை யாரும் அழிப்பதில்லை, பக்க எண்ணும் நகர்வதில்லை. சில அலுவலகங்களில் திருத்தங்களை உள்ளே புகுத்தி ஒரு பிரதி செய்துகொடுப்பார்கள். அதைக் கையில் வாங்கியதும் எர்ராட்டா தாளையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் காரணங்கள் அதில்தான் இருக்கும்.

என் முதல் விபத்து, எல்லாவற்றையும் திரும்ப எழுதியது. சேர்ந்த புதிது. நான்கு சிறு திருத்தங்கள் வந்தன. சுருக்கத்தைத் திறந்தால் என் பழைய வாக்கியங்களே எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே ஒன்றைச் செதுக்கி, அங்கே இரண்டைச் சேர்த்து, இரண்டு பத்திகளை இடம் மாற்றி, பளபளப்பாக அனுப்பினேன். அந்த வழக்கறிஞர் பழைய பிரதியின் ஓரங்களில் குறிப்பு எழுதி, மனுவின் வரைவிலும் அதன் பக்க எண்களைப் பயன்படுத்தியிருந்தார். புதியதை ஒப்பிட்டால் எல்லாமே மாற்றமாகத் தெரிந்தது. ‘இதில் சாட்சி மாற்றியது எது, நீங்கள் மாற்றியது எது?’ என்று கேட்டு எழுதினார். நியாயமான கேள்வி. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பழைய பிரதியில் சரியாக இருந்த ஒரு விவரம் என் செதுக்கலில் விழுந்துவிட்டிருந்தது. சாட்சி இரவுப் பணிக்கு வந்த நேரம் அது. திருத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தச் சூடு பட்டதில் மறுகோடிக்கு ஓடினேன். அங்கேதான் இரண்டாவது விபத்து. விவரங்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், ரகசிய ஒப்பந்தத்தை நினைவூட்ட யாரும் வர வேண்டாம்.

கிடங்கு ஒன்றில் ஏப்ரல் 14-ஆம் தேதி ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்து ஒரு தொழிலாளியை இடித்துவிட்டது. சாட்சி சொன்னவர் அங்கே மேற்பார்வையாளர். டிரான்ஸ்கிரிப்ட் 212 பக்கம், என் சுருக்கம் 14 பக்கம். எர்ராட்டாவில் ஏழு வரிகள். மூன்று, ஒரு மருத்துவரின் பெயரின் எழுத்து. ஒன்று, வண்டியின் ‘பிரேக்’ என்பதற்கு உடைவதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துக்கோவை விழுந்திருந்தது. ஒன்று, ‘ம்ம்’ என்பதை ‘ஆம்’ என்று மாற்றியது. மீதி இரண்டுதான் உயிர்நாடி. 112-ஆம் பக்கம் 20-ஆம் வரியில், ஓட்டுநருக்குப் பயிற்சி நடந்த மாதம் ‘மார்ச்’ என்பது ‘மே’ ஆனது. 63-ஆம் பக்கம் 8-ஆம் வரியில், வண்டி பின்னால் வரும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணியைப் பற்றி ‘எனக்குக் கேட்டது’ என்பது ‘எனக்குக் கேட்கவில்லை’ ஆனது.

112:20 என்று தேடினேன். ஓர் இடம். மார்ச்சை மே ஆக்கினேன். மார்ச் என்று தேடினேன். காலவரிசை அட்டவணையில் இன்னோர் இடம். அதையும் மாற்றினேன், அந்த வரியை ஏப்ரல் 14-க்குக் கீழே நகர்த்தவும் செய்தேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சுருக்கத்தின் முதல் பக்கத்தில், மேலோட்டப் பத்தியில், ‘விபத்துக்குச் சுமார் ஒரு மாதம் முன்பே ஓட்டுநர் பயிற்சி பெற்றிருந்தார்’ என்று நானே எழுதியிருந்த வாக்கியம் அப்படியே இருந்தது. அதில் மார்ச் என்ற சொல் இல்லை, 112 என்ற எண் இல்லை. எந்தத் தேடலிலும் அகப்படாது. மே மாதப் பயிற்சி என்றால் விபத்துக்குப் பிறகு நடந்த பயிற்சி. வழக்கின் திசையே வேறு. வேலை நெருக்கடியில் இருக்கும் வழக்கறிஞர் முதல் பக்கத்தைத்தான் படிப்பார். இவரும் அதைத்தான் படித்தார்.

ஒரு திருத்தம் சுருக்கத்தில் இரண்டு விதமாகக் குடியிருக்கும். அந்தச் சொல்லை எடுத்து எழுதிய இடம் ஒன்று. அந்தச் சொல்லிலிருந்து நீங்கள் கணக்கிட்டு, ஒப்பிட்டு, முடிவுகட்டி எழுதிய இடம் மற்றொன்று. ‘முன்பே’, ‘பிறகு’, ‘மொத்தம் மூன்று முறை’, ‘இது முந்தைய பதிலுக்கு முரண்’, ‘இதைப் பற்றி வேறு எதுவும் கூறவில்லை’ என்பவையெல்லாம் இரண்டாம் வகை. அவற்றைக் கண்டுபிடிக்கக் கணினி உதவாது. ஒவ்வொரு திருத்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பழைய சொல் பொய்யென்றால் என் சுருக்கத்தில் எந்த வாக்கியம் சாயும் என்று கேட்டபடி 14 பக்கத்தையும் படிக்க வேண்டும். நான் பிறகு மேலோட்ட வாக்கியங்களுக்கும் பக்கம்-வரி எண் போடத் தொடங்கினேன். அசிங்கமாக இருக்கிறது என்று தர ஆய்வாளர் ஒருவர் முகம் சுளித்தார். சுளித்துவிட்டுப் போகட்டும்.

எச்சரிக்கை மணி விவகாரத்தை வேறு மாதிரி கையாண்டேன். அங்கே பழையதை அழித்துப் புதியதைப் போட்டிருந்தால் பெரிய தவறு செய்தவளாகியிருப்பேன். பொருளையே புரட்டும் திருத்தத்தை ஏற்பதா என்பதில் அமெரிக்க நீதிமன்றங்கள் ஒன்றுபோல் இல்லை. 2000-இல் தோர்ன் எதிர் சண்ட்ஸ்ட்ராண்ட் வழக்கில் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், டிரான்ஸ்கிரிப்டுக்கு நேர்முரணான திருத்தம் செல்லாது என்றது. பதிவில் ஓர் ‘இல்லை’ விடுபட்டதுபோல, எழுதியதில் நேர்ந்த பிழை என்று நம்பும்படி இருந்தால் மட்டும் விதிவிலக்கு. 1997-இல் பொடெல் வழக்கில் இரண்டாவது சர்க்யூட், திருத்தம் வந்தாலும் மூலப் பதில் பதிவில் இருக்கும், அதை நீதிமன்ற விசாரணையில் வாசிக்கலாம் என்றது. ஆகவே சாட்சி மாற்றிச் சொன்னார் என்பதே வழக்கறிஞருக்கு ஓர் ஆயுதம். நான் எழுதியது இப்படி: ‘எச்சரிக்கை மணி கேட்டது என்றார் (63:8). எர்ராட்டாவில், கேட்கவில்லை என்று திருத்தம், காரணம்: தெளிவுபடுத்த.’ மார்ச்சையும் அழிக்காமல் இப்படித்தான் மே-யோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்த சில வரிகளில் இன்னொரு கண்ணி இருந்தது. 63:10-இல் வழக்கறிஞர், ‘அப்படியானால் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அது காதில் விழுந்தது?’ என்று கேட்கிறார். 63:12-இல் சாட்சி ‘ஆம்’ என்கிறார். எர்ராட்டா இந்த ‘ஆம்’ என்பதைத் தொடவில்லை. திருத்தத்தோடு பொருந்தும்படி இதையும் மாற்றிவிடக் கை துறுதுறுக்கும். தொடக் கூடாது. அந்த வரி பழையபடி இருக்க, ‘63:12 திருத்தப்படவில்லை’ என்று மட்டும் ஒரு குறிப்பு வைத்தேன். சட்ட ஆலோசனை தருகிறேன் என்று யாரும் பாய வேண்டாம். எது செல்லும் என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. இரண்டையும் அவர்கள் கண்ணில் படும்படி வைப்பதுதான் நம் வேலை.

மருத்துவரின் பெயர் மூன்று இடத்தில் திருத்தப்பட்டிருந்தது, என் சுருக்கத்தில் ஒன்பது இடத்தில் இருந்தது. ஆள் ஒருவரே என்பதால் என் சொந்த வாக்கியங்களில் எல்லாம் மாற்றினேன். மேற்கோள் குறிக்குள் இருந்தவற்றில் எர்ராட்டா சொன்ன இடத்தில் மட்டும். பிரேக்கை நான் முதலிலேயே சரியாகத்தான் எழுதியிருந்தேன், ‘ம்ம்’ சுருக்கத்தில் இடம்பெறவே இல்லை. ஆனாலும் அவற்றைச் சொல்லாமல் விடவில்லை. ஏழு திருத்தத்துக்கும் ஏழு வரி போட்டு ஓர் அட்டவணை செய்து, பாதிப்பில்லாத இரண்டுக்கும் ‘பாதிப்பில்லை’ என்று எழுதி, சுருக்கத்தோடு அனுப்பினேன். இல்லாவிட்டால் பார்த்துவிட்டு விட்டேனா, பார்க்காமல் விட்டேனா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்படிப் படிக்கும்போது உங்கள் பழைய தவறு ஏதாவது கண்ணில் பட்டால், அதைத் திருத்தத்தோடு சேர்த்து நைசாக நுழைக்காதீர்கள். அட்டவணைக்குக் கீழே தனியாக, ‘இது என் பிழை’ என்று ஒரு வரி. கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

இதையெல்லாம் ‘டைப்பிங் வேலை’ என்று சொல்லும் என் சின்ன மாமனாரைப் பற்றி இங்கே எழுதக் கூடாதுதான். ஒவ்வொரு பொங்கலுக்கும், ‘இன்னும் அந்த டைப்பிங்கில்தான் இருக்கிறாயா அம்மா?’ என்பார். என் அலுவலகமும் அவர் கட்சிதான். எங்களுக்குப் பக்கக் கணக்கில்தான் ஊக்கத்தொகை, அதுவும் படித்த டிரான்ஸ்கிரிப்டின் புதிய பக்கங்களுக்கு மட்டும். அந்த ஏழு திருத்தங்களுக்காக ஒன்றரை நாள் 14 பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த மாதக் கணக்குத் தாளில் அதற்கு எதிரே இருந்தது: புதிய பக்கங்கள், 0.