நிலத்தடித் தொட்டிச் சுவரின் மேல்விளிம்பு: ஃப்ரீயா, ஹிஞ்சா?

கேள்வி: உள்ளளவு 6 மீ × 3 மீ, ஆழம் 3 மீ உள்ள நிலத்தடி சம்ப். மேலே ரூஃப் ஸ்லாப் வரும். சுவரை வெறும் கான்டிலீவராக டிசைன் செய்தால் போதாதா? ஐ.எஸ். 3370 அட்டவணையில் மேல்விளிம்பை ஃப்ரீ என்று எடுப்பதா, ஹிஞ்ச் என்று எடுப்பதா?

பதில்:

கான்டிலீவராக எடுத்தால் சுவர் விழாது, ஆனால் தடிமன் வீணாகும். மூலையில் கிடைமட்டமாக வேண்டிய கம்பியும் கணக்கிலேயே வராது. மேல்விளிம்பைப் பொறுத்தவரை, ரூஃப் ஸ்லாப் போடுவதற்கு முன் குழியை மண்ணால் நிரப்பப்போகிறார்களா, பின்னா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏன் என்று உங்கள் தொட்டியையே வைத்துப் பார்ப்போம்.

நீளச் சுவரை எடுங்கள். உயரம் a = 3 மீ, நீளம் b = 6 மீ, ஆக b/a = 2. தண்ணீரின் எடை w ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10 கிலோ நியூட்டன் என்றால் w × a³ = 270. இந்த எண்ணை அட்டவணைக் குணகத்தால் பெருக்கினால் ஒரு மீட்டர் அகலத்துக்கான மொமென்ட் கிடைக்கும்.

கான்டிலீவருக்குக் குணகம் 1/6. அடியில் மொமென்ட் 45 கிலோ நியூட்டன் மீட்டர். அடியும் இரு பக்கங்களும் ஃபிக்ஸட், மேல்விளிம்பு ஃப்ரீ என்ற அட்டவணையில் b/a = 2 வரிசையில் அடி நடுவில் 0.086 இருக்கும். மொமென்ட் 23.2 தான். அதாவது ஏறக்குறைய பாதிச் சுமையைப் பக்கச் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. எம்30 கான்கிரீட்டுக்கு வளைவு இழுவை 2 நியூட்டன்/ச.மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதியில் தடிமன் பார்த்தால், கான்டிலீவருக்கு 370 மி.மீ. வேண்டும், பேனலுக்கு 264 வரும், 270 போதும். நூறு மி.மீ. வித்தியாசம், நாலு சுவருக்கும் சேர்த்தால் கான்கிரீட் பில்லில் நன்றாகவே தெரியும்.

சுவர் நீளம் உயரத்தைப் போல மூன்று மடங்கானால் அதே குணகம் 0.126-க்கு ஏறிவிடும். அதைத் தாண்டிய நீளச் சுவர்களுக்குப் பேனல் கணக்கால் பெரிய லாபமில்லை, நடுப்பகுதி கிட்டத்தட்ட கான்டிலீவர்தான்.

இதுவரை தொட்டி நிறைந்து, வெளியே மண் இல்லாத நிலை. தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும்போது இப்படித்தான் இருக்கும், அப்போது ரூஃப் ஸ்லாபும் இல்லாமல் இருக்கலாம். அதனால் இந்த நிலைக்கு மேல்விளிம்பு ஃப்ரீ என்பதில் சந்தேகமே வேண்டாம். அடியிலும் மூலையிலும் சுவரின் உள்முகம் இழுபடும், நடுவில் வெளிமுகம் இழுபடும்.

தொட்டி காலி, வெளியே மண் என்ற நிலைதான் பலர் மேலோட்டமாகக் கடந்துபோகும் இடம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறிவிட்டதாகக் கொள்ளுங்கள். நீரில் மூழ்கிய மண்ணின் எடை 10, அதில் மூன்றில் ஒரு பங்கு பக்க அழுத்தமாக வரும், கூடவே தண்ணீரின் முழு 10. ஆக ஒரு மீட்டர் ஆழத்துக்கு 13.3. தொட்டிக்குள் இருந்த தண்ணீரைவிட வெளியிலிருந்து வரும் தள்ளுதான் அதிகம். w × a³ இப்போது 360. (அசையாத கெட்டிச் சுவருக்கு மூன்றில் ஒன்று போதாது, பாதி எடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான வாதம். அப்படி எடுத்தால் எண்கள் இன்னும் ஏறும்.)

மேல்விளிம்பு ஃப்ரீ என்றால் அடியில் 0.086 × 360 = 31. தடிமன் 305 மி.மீ. வரும். தண்ணீருக்குப் போதுமென்று நினைத்த 270 இங்கே தோற்றுவிடுகிறது. அதே சுவருக்கு ரூஃப் ஸ்லாபைப் போட்டு, அது இறுகிய பிறகு மண் நிரப்பினால், மேலே ஒரு தாங்கல் கிடைத்துவிடும். பக்கச் சுவர்களின் உதவியையே மறந்து, செங்குத்துப் பட்டையாக, மேலே ஹிஞ்ச் கீழே ஃபிக்ஸட் என்று எடுத்தாலும் குணகம் 1/15. மொமென்ட் 24. தடிமன் 268, அதே 270 போதும்.

எனவே தடிமனைத் தீர்மானிப்பது வேலை நடக்கும் வரிசை. 270 மி.மீ. என்று வரைந்தால், "ரூஃப் ஸ்லாப் இறுகும்வரை மண் நிரப்பக் கூடாது" என்று வரைபடத்திலேயே எழுதுங்கள். குழி திறந்து கிடந்தால் ஆட்கள் சும்மா விட மாட்டார்கள், ஜேசிபி சைட்டில் நிற்கும்போதே மூடிவிடலாம் என்பார்கள். அந்த உத்தரவாதம் கிடைக்காத இடமென்றால் 310 போட்டுவிடுங்கள். ஹிஞ்ச் என்று எடுத்திருந்தால் சுவரிலிருந்து ஸ்லாபுக்குள் போகும் கம்பியும் கட்டாயம் வேண்டும். சும்மா மேலே உட்காரவைத்த மூடி ஸ்லாப் சுவரைத் தாங்காது.

மூலைக்கு வருவோம். தொட்டி நிறைந்த நிலையில் நீளச் சுவரின் பக்க விளிம்பில் குணகம் 0.060, மொமென்ட் 16.2. இது வருவது உச்சியில். அழுத்தம் அடியில்தானே அதிகம் என்று மூலைக் கம்பியை மேலே குறைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குட்டைச் சுவருக்கு (b/a = 1) அதே மூலையில் வருவது இதில் பாதிதான், சுமார் 8. ஒரே மூலையில் இரண்டு வேறு மொமென்ட் இருக்க முடியாது. அட்டவணை ஒவ்வொரு பேனலையும் தனியாக, விளிம்பு கொஞ்சமும் திரும்பாது என்று வைத்துக் கணக்கிட்டது. உண்மையில் மூலை சற்றுத் திரும்பும். நீளத்தின் தலைகீழ் விகிதத்தில் வித்தியாசத்தைப் பகிர்ந்தால் நீளச் சுவருக்கு மூன்றில் ஒரு பங்கு, குட்டைச் சுவருக்கு மூன்றில் இரண்டு. இரண்டும் 13.5 பக்கத்தில் நிற்கும்.

இதன் பக்கவிளைவு என்னவென்றால், குட்டைச் சுவரின் நடுவில் கிடைமட்ட மொமென்ட் சிறியது என்பதால் இந்தத் திருத்தத்தில் அதன் திசையே மாறிவிடலாம். வெளிமுகத்தில் மட்டும் கம்பி வைத்திருந்தால் உள்முகத்தில் விரிசல் விடும். குட்டைச் சுவரில் இரண்டு முகத்திலும் கிடைமட்டக் கம்பியை ஓடவிடுங்கள். பக்கத்துச் சுவர் இழுக்கும் நேரடி இழுவையும் அந்தக் கம்பியில்தான் வரும், அதைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

கம்பி வளைக்கும்போது ஒன்று. தொட்டி நிறைந்தால் மூலையின் உட்புறம் திறக்கப் பார்க்கும். உள்முகக் கம்பியை அந்த உள்மூலையைச் சுற்றியே மடக்கினால், இழுபடும்போது கம்பி நிமிரப் பார்த்து கவர் கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு சுவரின் உள்முகக் கம்பியையும் நேராக அந்த மூலையில் சேரும் மற்றச் சுவரின் வெளிமுகம்வரை கொண்டுபோய், அங்கே மடக்குங்கள். மூலையில் ஒரு 150 மி.மீ. சாய்வுக் கான்கிரீட் கொடுத்தால் நல்லது.

அடிவிளிம்பு ஃபிக்ஸட் என்பதற்கும் இதே கேள்வி உண்டு. சுவர் அடியில் வரும் 23.2, அப்படியே பேஸ் ஸ்லாபுக்குள் போகிறது. 150 மி.மீ. ஸ்லாபில் ஒரே ஒரு அடுக்கு மெஷ் என்றால் அது ஃபிக்ஸட் இல்லை. அடி திரும்பும், அந்தச் சுமை மூலைகளுக்குப் போய்ச் சேரும். ஸ்லாபின் ஓரப்பகுதியாவது சுவரின் தடிமனுக்குக் குறையாமல், மேல் கீழ் இரண்டு அடுக்குக் கம்பியோடு இருக்கட்டும். சுவர்க் கம்பி ஸ்லாபுக்குள் மடங்கிப் போதிய நீளம் ஓட வேண்டும். சைட்டில் தொட்டியை நிரப்பும்போது மூலையில், மேல் பாதியில் நின்ற வாக்கில் விரிசல் விட்டு ஈரம் கசிந்தால், சுவரை மட்டும் குறை சொல்லாமல் பேஸ் ஸ்லாபின் தடிமனையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.